இரவு 11.10-க்குப் போட்ட ஒரு கேள்வி: வேலை நேரத்துக்கு அப்பால் வரும் மெசேஜ்கள் குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் மெர்ச்சண்டைசிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். என்னோடு 7 பேர். 5 மெர்ச்சண்டைசர்கள், சாம்பிள் வேலையைக் கவனிக்கும் ஒருவர், சாயப்பட்டறைகளுக்கு அலைகிற டையிங் ஃபாலோஅப் தம்பி ஒருவர். ஆபீஸ் நேரம் காலை 9 முதல் மாலை 6.30 வரை. பையர்கள் பெரும்பாலும் ஜெர்மனிக்காரர்கள். நமக்கும் அவர்களுக்கும் கோடையில் மூன்றரை மணி நேர வித்தியாசம். அக்டோபர் கடைசி ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்ததும் அது நாலரை மணி நேரம் ஆகிவிடும். அங்கே மாலை 5 மணிக்கு ஆபீஸை மூடும் முன் அனுப்புகிற கடைசி மெயில், குளிர்காலத்தில் நமக்கு இரவு 9.30-க்கு வந்து நிற்கும்.

இந்தத் தொழிலில் இரவு மெசேஜ் ஒன்றும் புதிதில்லை. சாயப்பட்டறை இரவும் ஓடும். லாரி எத்தனை மணிக்கும் கிளம்பும். அதனால் இரவு 10 மணிக்கு வாட்ஸ்அப் அடித்தால் எடுத்துப் பார்ப்பது தொழிலின் ஒரு பகுதி என்று நானும் 14 வருடமாக நம்பி வந்தேன். அந்த நம்பிக்கை தப்பான இடத்தில் நிற்கிறது என்று காட்டியது, டி-ஷர்ட்டின் கழுத்துப் பட்டைக்குப் போடும் ஒரு நெக் ரிப் துணி.

நடந்தது

ஒரு நவம்பர் மாதம், செவ்வாய்க்கிழமை. இரவு 11.10-க்கு டீம் குரூப்பில் கேட்டேன்: "நேவி ஸ்ட்ரைப் டி-ஷர்ட்டுக்கு நெக் ரிப் என்ன ஜிஎஸ்எம்?" ஜிஎஸ்எம் என்றால் ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில். மறுநாள் காலை 11 மணிக்கு முடிக்க வேண்டிய ஒரு காஸ்டிங் வேலைக்கு அது தேவைப்பட்டது. மறந்துவிடுவேனோ என்றுதான் அப்போதே போட்டேன். அந்த ஆர்டரைப் பார்க்கும் பெண் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம். 11.40-க்கு அவளிடமிருந்து பதில் வந்தது: "220 சார்."

போன சீசனில் அதே ஸ்டைலுக்கு 220 என்பது உண்மைதான். ஆனால் இந்த சீசனில் பையர் ஸ்டைலின் விவரக் குறிப்பான டெக் பேக்கைத் திருத்தி 240 ஆக்கியிருந்தார். அந்தத் திருத்தம் ஆபீஸில் அவள் மேஜை ஃபைலில் இருந்தது. அவள் படுக்கையில் இருந்தாள். நினைவில் இருந்ததைச் சொன்னாள். நான் செய்த தப்பு அதைவிடப் பெரியது. கையில் போன் இருந்ததால் அந்தப் பதிலை அப்படியே துணிப் பிரிவுக்கு ஃபார்வர்டு செய்தேன். காலையில் வந்தவர்கள் அதைப் பார்த்து நிட்டிங் புரோகிராம் போட்டுவிட்டார்கள்.

12,000 பீஸ் ஆர்டர். ஒரு பீஸுக்குக் கழுத்து ரிப் ஏறக்குறைய 12 கிராம் என்றால், கழிவு சேர்க்காமல் 144 கிலோ. அவ்வளவும் பின்னி முடித்து, 70 கிலோ சாயமேறி வந்த பிறகுதான் குவாலிட்டியில் ஒருவர், அப்ரூவல் ஆன துண்டைவிட இது மெலிசாக இருக்கிறதே என்று கையால் தடவிப் பார்த்துச் சொன்னார். ஜிஎஸ்எம் கட்டரில் வெட்டினோம். அந்தக் கட்டர் சரியாக 100 சதுர சென்டிமீட்டர் வட்டத்தை வெட்டித் தரும். வட்டத்தின் எடையை 100-ஆல் பெருக்கினால் ஜிஎஸ்எம். தராசில் 2.2 கிராம் என்று வந்தது. 2.4 வந்திருக்க வேண்டும்.

துணி வீணாகவில்லை, வேறொரு ஆர்டருக்குப் பயன்பட்டது. ஆனால் 4 நாள் போனது. அந்தப் பெண் என் அறையில் வந்து நின்று ஒன்று சொன்னாள். "சார், நைட்டே கேட்டதால ரொம்ப அவசரம்னு நெனச்சேன். காலையில சொல்றேன்னு போட்டா நல்லா இருக்காதேன்னு தோணுச்சு." எனக்கு அவசரமே இல்லை. அவள் காலை 10 மணிக்கு ஃபைலைப் பார்த்துச் சொல்லியிருந்தால் போதும். இது எனக்கு மட்டும்தான் தெரியும். மெசேஜில் அது எங்கேயும் இல்லை.

முதலில் போட்ட விதி, அது தோற்ற விதம்

மறுநாளே குரூப்பில் ஒரு விதி போட்டேன். "இனிமேல் இரவு 8 மணிக்கு மேல் யாரும் வேலை மெசேஜ் போடக்கூடாது, பதிலும் சொல்லக்கூடாது." டையிங் குரூப்பிலும் அதையே போட்டேன். எல்லோரும் கட்டைவிரல் உயர்த்தினார்கள். நல்லது செய்துவிட்டதாகவே நினைத்தேன்.

இரண்டு வாரத்தில் அது மூன்று இடத்தில் உடைந்தது. முதலாவது எளிது: மெசேஜ்கள் நிற்கவில்லை, குரூப்பிலிருந்து தனி மெசேஜுக்கு மாறின. குரூப்பில் இருந்தவரை ஒருவருக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரியும். இப்போது அதுவும் போனது.

இரண்டாவது நான் எதிர்பார்க்காதது. எங்கள் மூத்த மெர்ச்சண்டைசர் ஒருவருக்கு மூன்று வயதுக் குழந்தை. 5.30-க்குக் கிளம்பிவிடுவார். குழந்தை தூங்கிய பிறகு 9.30-லிருந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து மீதி வேலையை முடிப்பார். அந்த ஏற்பாட்டை அவரே விரும்பிக் கேட்டு வாங்கியிருந்தார். விதி வந்த பிறகு இரவில் யாருக்கும் எதையும் அனுப்ப முடியாமல், அவர் வேலை தேங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆபீஸுக்கு வந்து உட்கார்ந்திருந்தார். "ரூல் போட்டுட்டீங்க, மீறினா நல்லா இருக்காதுல்ல சார்" என்றார். அவருக்கு ஓய்வு தர வேண்டும் என்று போட்ட விதி அவருடைய ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொண்டது.

மூன்றாவது சாயப்பட்டறையில் நடந்தது. ஆலிவ் கிரீன் லாட் ஒன்று மெஷினில் இருந்தது. ஷேடு லேசாகச் சிவப்படிக்கிறதோ என்று டையிங் மாஸ்டருக்குச் சந்தேகம். இரவு 10.20-க்கு ஒரு போட்டோ எடுத்து, "இறக்கலாமா?" என்று குரூப்பில் போட்டார். விதிப்படி யாரும் பதில் சொல்லவில்லை. லாட் மெஷினிலேயே நின்றால் அடுத்த லாட் ஏறாது. 40 நிமிடம் பார்த்துவிட்டு அவரே இறக்கினார். காலையில் நிறம் பார்க்கிற லைட் பாக்ஸில் வைத்துப் பார்த்தால் ஷேடு தள்ளியிருந்தது. திரும்ப மெஷினில் ஏற்றி, ஷேடைச் சரிசெய்ய மேலும் சாயம் சேர்க்கும் டாப்பிங் போட வேண்டியதாயிற்று.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அன்று யாராவது அந்தப் போட்டோவைப் பார்த்து "இறக்குங்க" என்று பதில் போட்டிருந்தாலும் பிரயோஜனமில்லை. போன் கேமராவில் ஷேடு பார்க்க முடியாது. பட்டறை ட்யூப் லைட்டும் போன் திரையும் சேர்ந்து நிறத்தை மாற்றிவிடும். அங்கே தேவைப்பட்டது நேரில் போய், சரியான வெளிச்சத்தில், அப்ரூவல் ஆன சாய மாதிரியான லேப் டிப்போடு ஒட்டிப் பார்க்கிற ஒரு ஆள். மெசேஜுக்குப் பதில் வேண்டுமா வேண்டாமா என்றே நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். அந்த வேலைக்கு மெசேஜே சரியான வழி இல்லை.

41 மெசேஜ்கள்

விதியை எடுத்துவிட்டு, வேறு மாதிரி தொடங்கினேன். நடுவில் ஒரு வாரத்துக்கு, இரவு 7.30-க்கு மேல் நான் அனுப்பிய எல்லா மெசேஜையும் ஒரு தாளில் எழுதினேன். மொத்தம் 41. ஒவ்வொன்றுக்கும் எதிரே, உண்மையில் எனக்கு எப்போது பதில் தேவைப்பட்டது என்று குறித்தேன். அன்றிரவே வேண்டியிருந்தவை 3. மறுநாள் மதியத்துக்குள் வந்திருந்தால் போதுமானவை 29. மீதி 9-க்குப் பதிலே தேவையில்லை, தெரிந்துகொள்ளத்தான் அனுப்பியிருந்தேன்.

அப்புறம் எதிரே குறித்ததை மறைத்துவிட்டு, அதே தாளை டீமில் ஒவ்வொருவரிடமும் தனியாகக் கொடுத்து, "இதுக்கெல்லாம் நான் எப்ப பதில் எதிர்பார்த்தேன்னு நெனச்சீங்க?" என்று கேட்டேன். யாரும் 25-க்குக் குறைவாக 'அன்றிரவே' என்று குறிக்கவில்லை. சாம்பிள் பார்க்கிறவர் 38 குறித்திருந்தார்.

இது எங்கள் டீமின் குறை மட்டும் இல்லை என்று பிறகு தெரிந்தது. லாரா ஜியுர்ஜே, வனெஸா போன்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2021-ல் வெளியிட்ட ஆய்வு இதே விஷயத்தைத்தான் பேசுகிறது. வேலை நேரத்துக்கு அப்பால் வரும் அவசரமில்லாத மெயிலுக்கு, அனுப்பியவர் உண்மையில் எதிர்பார்ப்பதைவிட வேகமாகப் பதில் சொல்ல வேண்டும் என்று பெறுகிறவர்கள் நினைக்கிறார்கள். அவசரமில்லை என்று அனுப்புகிறவர் ஒரு வரி சேர்த்தால் அந்த இடைவெளி குறைகிறது. ஒரே ஆள் அனுப்பும்போது ஒரு மாதிரியும் வாங்கும்போது வேறு மாதிரியும் நினைக்கிறார் என்பதுதான் இதில் எனக்கு முக்கியமாகப் பட்டது. எம்.டி. சார் இரவில் போடும் மெசேஜை நான் எப்படி எடுத்துக்கொள்கிறேன் என்று யோசித்துப் பார்த்தேன். 38 குறித்தவரைப் போலத்தான்.

வாட்ஸ்அப் குரூப் இதை இன்னும் இறுக்குகிறது. தனி அரட்டையில் நீல டிக்கை நிறுத்தி வைக்கலாம். குரூப்பில் முடியாது. அனுப்பியவர் மெசேஜை அழுத்திப் பிடித்து Info-வைத் திறந்தால் யார் யார் படித்தார்கள் என்று பெயரோடு தெரியும். படித்துவிட்டுச் சும்மா இருந்ததாகத் தெரிந்துவிடுமே என்ற பயத்தில், படித்த கையோடு ஏதாவது ஒரு பதிலைப் போட்டுவிடுகிறார்கள். 220 வந்தது அப்படித்தான்.

ஆக, பிரச்சினை மெசேஜ் வருகிற நேரத்தில் இல்லை. அதற்கு எப்போது பதில் வேண்டும் என்பதை வாங்குகிறவர் ஊகிக்க வேண்டியிருப்பதில் இருந்தது.

என்ன மாற்றினோம்

அனுப்பும் நேரத்துக்கு எந்தக் கட்டுப்பாடும் வைக்கவில்லை. குழந்தை தூங்கிய பிறகு வேலை பார்க்கிறவர் 10 மணிக்கு அனுப்பலாம். அதிகாலையில் எழுகிறவர் 5 மணிக்கு அனுப்பலாம். ஆனால் 6.30-க்கு மேல் அனுப்பும் மெசேஜில் பதில் எப்போது வேண்டும் என்பது இருக்க வேண்டும், அதுவும் முதல் வார்த்தைகளாக. கடைசியில் போட்டால் பயனில்லை. பூட்டிய திரையில் நோட்டிஃபிகேஷன் மெசேஜின் தொடக்கத்தைத்தான் காட்டும். "நாளை மதியம் போதும் - நேவி ஸ்ட்ரைப் நெக் ரிப் என்ன ஜிஎஸ்எம்?" என்று வந்தால், போனைத் திறக்காமலே கீழே வைத்துவிடலாம். கேள்வி முதலில் வந்தால் மனம் பதிலைத் தேட ஆரம்பித்துவிடும். அதற்குப் பிறகு "அவசரமில்லை" என்று படித்து என்ன ஆகப்போகிறது?

அவசரமானவற்றை மெசேஜிலிருந்தே எடுத்துவிட்டோம். அன்றிரவே பதில் வேண்டிய விஷயம் என்றால் போனில் கூப்பிட வேண்டும். யாரைக் கூப்பிடுவது என்பதற்கு வார முறை வைத்தோம். எதற்கெல்லாம் கூப்பிடலாம் என்று உட்கார்ந்து பேசியதில் மூன்று விஷயங்கள்தான் தேறின. மெஷினில் நிற்கும் டையிங் லாட், லோடிங்கில் நிற்கும் வண்டி, மறுநாள் காலை ஷிப்பிங் கட்-ஆஃப் இருக்கும்போது டாக்குமெண்டில் தெரியவரும் தப்பு. டையிங் லாட்டுக்கு மெர்ச்சண்டைசரைக் கூப்பிடுவதில்லை. ஃபாலோஅப் தம்பியைக் கூப்பிட வேண்டும், அவர் நேரில் போய்ப் பார்ப்பார். அதற்காக, இரவு லாட் இருக்கும் நாட்களில் அவர் மதியம் 1 மணிக்கு வேலைக்கு வந்தால் போதும் என்று மாற்றினோம். மற்றவர்களில் இரவு ஒரு அழைப்பை எடுத்து வேலை பார்த்தவர் மறுநாள் 10.30-க்கு வரலாம். அதற்கு யாரிடமும் கேட்க வேண்டாம், சொன்னால் போதும்.

இந்த வார முறைதான் மற்ற ஆறு பேருக்கும் போனைக் கீழே வைக்கும் தைரியத்தைக் கொடுத்தது. யாரோ ஒருவர் விழித்திருக்கிறார் என்று தெரியாதவரை, அவசரமில்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் எல்லோரும் பாதி விழிப்பில்தான் இருப்பார்கள்.

என் பங்குக்கு நான் இரண்டு பழக்கத்தை மாற்றினேன். மறந்துவிடுவேனோ என்று தோன்றுவதை வாட்ஸ்அப்பில் எனக்கே அனுப்பிக்கொள்கிறேன், காலையில் உரியவருக்கு ஃபார்வர்டு செய்கிறேன். இரவில் எழுதும் மெயிலை Gmail-ல் Schedule send கொடுத்துக் காலைக்கு வைக்கிறேன்.

சொன்ன விதம்

முதல் விதியும் இரண்டாவது ஏற்பாடும் உள்ளடக்கத்தில் வேறு என்பது ஒரு பக்கம். சொன்ன விதமும் வேறு. முதல் விதி "கூடாது" என்ற சொல்லில் முடிந்தது. அதைப் படித்தவர்கள் மீறுவது எது, மீறாதது எது என்றுதான் யோசித்தார்கள். இரண்டாவது முறை குரூப்பில் போடுவதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை மாலை டீ குடித்துக்கொண்டே எல்லோரிடமும் வாயால் சொன்னேன். ரிப் துணி விஷயத்தில் ஃபார்வர்டு செய்த தப்பு என்னுடையது என்று அந்தப் பெண் முன்னிலையில் முதலில் சொன்னேன். அது இல்லாமல் மற்றதைச் சொல்லியிருந்தால், அவளுக்காகப் போட்ட விதி என்று ஆகியிருக்கும். பிறகு குரூப்பில் எழுதியது இது:

"நான் சில நாள் இரவில் மெசேஜ் போடுவேன். எனக்கு அந்த நேரம் வசதி என்பதால்தான். நீங்கள் அப்போதே பார்க்க வேண்டும் என்பதற்காக இல்லை. எப்போது பதில் வேண்டும் என்று முதலிலேயே எழுதிவிடுவேன். எழுத மறந்தால் மறுநாள் மதியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உடனே வேண்டியிருந்தால் கூப்பிடுவேன். கூப்பிடவில்லை என்றால் அவசரமில்லை. உங்களுக்கு இரவில் வேலை பார்ப்பது வசதி என்றால் தாராளமாகப் பாருங்கள், அடுத்தவருக்கு அனுப்பும்போது மட்டும் இதே மாதிரி நேரத்தைச் சேர்த்துவிடுங்கள். ஃபைலைப் பார்த்துச் சொல்லும் பதில்தான் எனக்கு வேண்டும்."

இதில் எனக்கு மிக முக்கியமான வரி, "எழுத மறந்தால் மறுநாள் மதியம்" என்பது. அனுப்புகிறவர் கட்டாயம் மறப்பார். மறந்த மெசேஜ் எந்தப் பக்கம் சாயும் என்பதை முன்கூட்டியே தீர்மானிக்காவிட்டால் அது பழைய ஊகத்துக்கே போய்விடும். அடுத்து, வாக்கியங்கள் பெரும்பாலும் 'நான்' என்று தொடங்குகின்றன. மேலே இருப்பவர் தான் என்ன செய்யப்போகிறார் என்று சொன்னால், கேட்பவர் அதை வைத்துத் தன் நடையைத் தீர்மானித்துக்கொள்வார். நீ இதைச் செய், அதைச் செய்யாதே என்று அடுக்கும்போதுதான் அது சட்டமாகக் காதில் விழுகிறது.

சட்டம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பிரான்சில் 2017 ஜனவரி முதல், ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் 26 முதல், வேலை நேரத்துக்கு அப்பால் தொடர்பைத் துண்டிக்கும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. ஆஸ்திரேலியச் சட்டம் மெசேஜ் அனுப்புவதைத் தடை செய்யவில்லை. பார்க்காமலும் பதில் சொல்லாமலும் இருக்க ஊழியருக்கு உரிமை தருகிறது, அந்த மறுப்பு நியாயமற்றதாக இல்லாதவரை. நியாயமா இல்லையா என்று பார்க்க, எதற்காகத் தொடர்புகொண்டார்கள், எந்த வழியில், அதற்கு ஈடாக ஏதாவது தருகிறார்களா, அவர் பொறுப்பு என்ன, வீட்டுச் சூழல் என்ன என்பதையெல்லாம் கணக்கில் எடுக்கிறது. இவையெல்லாம் ஒரு சின்ன டீமும் உட்கார்ந்து பேசக்கூடியவைதான்.

எம்.டி. சாரும் பையரும்

டீமுக்குச் சொன்னால் மட்டும் போதாது. எம்.டி. சார் இரவு 10 வரை ஃபேக்டரியில் நடக்கிறவர், அப்போது தோன்றுவதைக் குரூப்பில் கேட்கிறவர். அவர் ஒரு மெசேஜ் போட்டு யாராவது ஓடிப்போய்ப் பதில் சொன்னால் என் ஏற்பாடு அத்தோடு முடிந்தது. அவரிடம் அந்த 41 மெசேஜ் தாளையும் 2.2 கிராம் எழுதிய சீட்டையும் கொண்டுபோனேன். பார்த்துவிட்டு, "அப்ப நான் கேட்டா பதில் வராதுங்களா?" என்றார்.

"வருங்க சார். கூப்பிட்டீங்கன்னா உடனே வரும். மெசேஜ் போட்டீங்கன்னா காலைல ஃபைலப் பாத்துட்டு வரும்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. "எனக்கு உடனே வேணுங்கறது இல்ல. மறந்துருவாங்களோன்னுதான்" என்றார். அவருடைய கவலை அதுதான் என்று தெரிந்ததும் வழி எளிதாகிவிட்டது. அவர் இரவில் கேட்ட எல்லாவற்றுக்கும் மதியம் 12-க்குள் நானே பதிலைத் திரட்டி ஒரே மெசேஜாக அனுப்புகிறேன். ஒன்றும் விடுபடுவதில்லை என்று இரண்டு வாரம் பார்த்த பிறகு, அவர் நீல டிக்கைத் தேடுவதை நிறுத்தினார்.

பையரிடம் இதைவிட எளிதாக முடிந்தது. உட்கார்ந்து கணக்குப் போட்டால் அங்கே பிரச்சினையே இல்லை. அவர் மாலை 5-க்கு மெயில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறார். குளிர்காலத்தில் நாம் பகல் 12 மணிக்குப் பதில் போட்டால் அங்கே காலை 7.30, அவர் இன்னும் ஆபீஸுக்கே வந்திருக்க மாட்டார். இரவு 9.45-க்குச் சொன்னாலும் மறுநாள் பகல் 12-க்குச் சொன்னாலும் அவர் படிக்கப்போவது ஒரே நேரத்தில்தான். இத்தனை வருடம் நாங்கள் இரவில் எழுதிய அவசரப் பதில்கள் பெரும்பாலும் அவருடைய பூட்டிய ஆபீஸில் இரவெல்லாம் கிடந்திருக்கின்றன. வாராந்தர வீடியோ காலில், "உங்கள் மதியம் 2 மணிக்கு மேல் வரும் மெயிலுக்கு நீங்கள் மறுநாள் வேலையைத் தொடங்கும் முன் முழு விவரத்தோடு பதில் இருக்கும்" என்று சொன்னோம். எங்களால் இரவில் முடியாது என்று சொல்லவே வேண்டியிருக்கவில்லை. அவர் சரி என்று அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

பிறகு வந்த சிக்கல்கள்

முதல் மாதம் புதியவர்கள் இரவில் பதில் போடுவதை நிறுத்தவில்லை. அதில் என் பங்கு என்ன என்று பார்க்கக் கொஞ்ச நாள் ஆனது. "நாளை மதியம் போதும்" என்று போட்ட மெசேஜுக்கு ஒருவர் 10.50-க்கே பதில் போட்டால், நான் உடனே "சூப்பர், நன்றி" என்று போட்டுக்கொண்டிருந்தேன். இரவில் பதில் சொன்னவருக்கு இரவிலேயே பாராட்டு. மற்ற ஆறு பேரும் அதைப் பார்க்கிறார்கள். நான் எழுதிய அறிவிப்பைவிட அந்த ஒரு வார்த்தைக்குப் பலம் அதிகம். இப்போது இரவில் வரும் பதிலுக்குக் காலைவரை எதுவும் போடுவதில்லை, கட்டைவிரல்கூட. யாரையும் கண்டிக்கவும் இல்லை. ஆறு வாரத்தில் தானாகக் குறைந்தது.

Schedule send-இலும் ஒரு தொல்லை வந்தது. எல்லா மெயிலையும் காலை 9 மணிக்கு வைத்ததால், ஒரு திங்கட்கிழமை ஒருவருக்கு என்னிடமிருந்து 14 மெயில் ஒரே நிமிடத்தில் போய் விழுந்திருக்கிறது. இரவில் சிதறி வந்த பாரம் காலையில் மொத்தமாக இறங்கியது, அவ்வளவுதான். இப்போது ஒரு ஆளுக்கு ஒரே மெயில், அதற்குள் வரிசையாக விஷயங்கள்.

பதில் நேரமும் மெல்ல இறுகத் தொடங்கியது. எல்லோரும் "காலை 10-க்குள்" என்று எழுத ஆரம்பித்தார்கள். 9-லிருந்து 10 வரை புரொடக்‌ஷன் மீட்டிங். அதை முடித்து ஃபைலை எடுக்கவே 10.15 ஆகும். அப்படியானால் 10-க்குள் என்பதற்கு முந்தைய இரவே பார்க்க வேண்டும் என்றுதான் அர்த்தம். எனவே நாளைக்கு இரண்டு நேரம்தான் என்று வைத்தோம்: மதியம் 12, மாலை 5. அதற்கு முன்னால் வேண்டும் என்றால் கூப்பிடு. கூப்பிடக் கை தயங்கினால் அது 12 மணிக்கு ஆகிற விஷயம்தான்.

முதல் மாதத்தில் இரவு அழைப்புகள் 6 வந்தன. இரண்டு அந்த மூன்று வகைக்குள் இல்லை. ஒன்று, ஹேங்டேக் விலையில் சந்தேகம் என்று பேக்கிங்கிலிருந்து வந்தது. திட்டவில்லை. மறுநாள் பேக்கிங் சூப்பர்வைசரோடு உட்கார்ந்து, சந்தேகம் வந்தால் அந்தப் பெட்டியைத் தனியே ஒதுக்கி வைத்துவிட்டு அடுத்ததைக் கட்டலாமே என்று பேசினோம். அவர்களுக்கும் அதுவே வசதி. இனி கூப்பிடாதே என்று சொல்லியிருந்தால், அடுத்த தடவை உண்மையாகவே வண்டி நிற்கும்போதும் தயங்குவார்கள்.

ஷிப்மெண்ட் வாரம் வந்தால் இது அப்படியே ஓடாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். தூத்துக்குடிக்கு நான்கு கன்டெய்னர் போகிற வாரத்தில் எல்லோரும் இரவில் எட்டிப் பார்க்க வேண்டியிருக்கும். அப்போது நான் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: "இந்தத் திங்கள் முதல் வியாழன் வரை 10 மணி வரை போனைப் பக்கத்தில் வையுங்கள். வெள்ளிக்கிழமை முதல் பழையபடி." முடிகிற நாளைச் சொல்வது ரொம்ப முக்கியம். வியாழன் இரவு "வண்டி கிளம்பியாச்சு, இனி பழையபடி" என்று மறக்காமல் போடுகிறேன். ஒரு தடவை போட மறந்தேன், அடுத்த பத்து நாள் எல்லோரும் 10 மணி வரை பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். யாரும் கேட்கவில்லை.

இன்னும் தீராதது ஜாப் ஒர்க் ஆட்களின் குரூப்கள். பிரிண்டிங், எம்ப்ராய்டரிக்காரர்கள் எங்களைப்போல ஐந்து கம்பெனிகளுக்கு வேலை செய்கிறார்கள், ஐந்து விதமான பழக்கத்துக்கு ஈடுகொடுக்கிறார்கள். எங்கள் ஏற்பாட்டை அவர்கள் மேல் திணிக்க முடியாது. எங்களிடமிருந்து போகும் மெசேஜில் மட்டும் நேரம் இருக்கிறது. பிரிண்டிங் யூனிட் அண்ணன் ஒருவர் போன மாதம், அப்ரூவலுக்காக அடித்துப் பார்க்கும் பிரிண்ட் மாதிரியான ஒரு ஸ்ட்ரைக்-ஆஃபின் போட்டோவை இரவு 9.40-க்கு அனுப்பினார். மேலே எழுதியிருந்தார்: "நாளைக்கு 12 மணிக்குப் பாத்தாப் போதுங்க."

அந்த ரிப் துணிப் பெண் மறுநாள் 11.50-க்கு அவருக்குப் பதில் போட்டாள். ஒரிஜினல் ஆர்ட்வொர்க்கைப் பக்கத்தில் வைத்து எடுத்த போட்டோவும், இரண்டு இடத்தில் மார்க் செய்த திருத்தமும் அதில் இருந்தன.